54 சதவீதமா, 12 சதவீதமா?

எங்கள் மாத இதழின் நலவாழ்வுப் பக்கத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்குப் புகட்டப்படும் வைட்டமின் ஏ திரவத்தைப் பற்றியது. எழுதியவர் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளைஞர், நிறைய வாசிப்பவர். மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வரி: "வைட்டமின் ஏ குழந்தை இறப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று ஆய்வுகள் நிரூபித்துள்ளன." ஓரத்தில் சான்றாக 1990-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு கட்டுரையைக் குறித்திருந்தார்.

நான் அந்த வரியின் கீழே கோடு போட்டதும் அவருக்கு வருத்தம். "சார், இது நம்ம திருச்சியில நடந்த ஆய்வு. உலகத்திலேயே பெரிய மருத்துவ இதழ்ல வந்திருக்கு. 54 சதவீதம்னு சுருக்கத்திலேயே இருக்கு. நான் ஒண்ணும் கற்பனையா எழுதலையே?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்த வரி தவறு. காட்டிய சான்று உண்மையாகவும் சொன்ன வரி தவறாகவும் இருக்க முடியும் என்பதை அன்று மாலை முழுக்க அவரோடு உட்கார்ந்து பேசினேன். வெளியே வந்தால் பலருக்கும் பயன்படும் என்பதால் அந்தப் பேச்சை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் திருச்சி ஆய்வு. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்து ஊர்களில் 15,419 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகள். ஊர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் வைட்டமின் ஏ, கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ. மற்றப் பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். எது எந்தக் குப்பி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிக்கும் குழந்தையின் தாய்க்கும் தெரியாது. 52 வாரம், வாரம் தவறாமல் வீடுதோறும் போய்க் கொடுத்திருக்கிறார்கள். அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பெரிய அளவு இதுவல்ல. ஒழுங்காகச் சாப்பிட்டால் சாப்பாட்டிலிருந்தே கிடைத்துவிடக்கூடிய சிறிய அளவு.

அந்த ஆண்டில் 125 குழந்தைகள் இறந்தன. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54 சதவீதம் குறைவு. மூன்று வயதுக்குக் கீழே இருந்தவர்களிடமும், நெடுநாளாக ஊட்டம் குறைந்திருந்தவர்களிடமும் பலன் அதிகம் தெரிந்தது. தமிழ்நாட்டில் நடந்த மக்கள்நல ஆய்வுகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

இப்போது அதே 1990-க்குத் திரும்புங்கள். லான்செட் இதழில் ஹைதராபாத்தைச் சேர்ந்த விஜயராகவனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கைக் குழந்தைகள், அதே தென்னிந்தியா. இங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பெரிய அளவு. இரண்டு பிரிவிலும் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வேறொரு கட்டுரையாளர் இந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்து, "வைட்டமின் ஏ கொடுத்தும் குழந்தை இறப்பு குறையவில்லை என்று ஆய்வு நிரூபித்துள்ளது" என்று எழுதலாம். அவரும் சான்று காட்டுவார். அதுவும் பெரிய இதழ்தான், அதுவும் பொய்யில்லை.

எங்கள் இளைஞர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எதைத்தான் நம்புறது?" என்றார். நம்புவது பிறகு இருக்கட்டும், உன் வரி எதைச் சொல்கிறது என்று பார் என்றேன். "திருச்சியில் குறைந்தது" என்று அவர் எழுதவில்லை. "குறைக்கிறது" என்று எழுதினார். எந்த ஊர், எந்த ஆண்டு, எவ்வளவு அளவு என்ற வரம்பு எதுவும் இல்லாத நிகழ்காலம் அது. அப்படி ஒரு பொதுவான கூற்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கேள்வியைக் கேட்ட எல்லா ஆய்வுகளும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்த்தாக வேண்டும். அந்த வேலையை ஏற்கெனவே ஒரு குழு உட்கார்ந்து செய்துவைத்திருக்கிறது. அதற்குப் பெயர்தான் முறைசார் மீளாய்வு, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ.

ஒருவர் தனக்குத் தெரிந்த பத்து கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதும் தொகுப்புக் கட்டுரை வேறு, இது வேறு. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், எந்த வகை ஆய்வைச் சேர்ப்போம், எதை ஒதுக்குவோம் என்பதை ஆய்வுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்துவிடுவார்கள். பிறகு எந்தெந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதி வரை தேடினோம் என்று கணக்கு வைத்துத் தேடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சலித்து எடுப்பார்கள். பலன் காட்டிய ஆய்வும் பலன் காட்டாத ஆய்வும் ஒரே சல்லடை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அப்படி வந்தவற்றின் எண்களைச் சேர்த்து ஒரே கணக்காகப் போடுவதை மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். இந்தத் துறையில் அதிகம் மதிக்கப்படுவது காக்ரேன் அமைப்பு வெளியிடும் மீளாய்வுகள்.

வைட்டமின் ஏ பற்றிய காக்ரேன் மீளாய்வு 2017-ல் புதுப்பிக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள், 47 ஆய்வுகள், எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். திருச்சியும் ஹைதராபாத்தும் அதில் இரண்டு. எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பில் அது தந்த முதன்மைக் கணக்கு 12 சதவீதக் குறைவு. உண்மை அளவு 7-க்கும் 17-க்கும் இடையில் இருக்கலாம் என்ற வரம்போடு.

ஐம்பத்துநாலு எங்கே, பன்னிரண்டு எங்கே! இளைஞரின் முகம் சுருங்கிவிட்டது. நம் ஊர் ஆய்வைப் பொய் என்று சொல்லிவிட்டார்களோ என்ற வருத்தம். அப்படி யாரும் சொல்லவில்லை. திருச்சிக் கட்டுரையைச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் உள்ளே பார்த்தால் அந்த 54-க்கும் ஒரு வரம்பு இருக்கிறது: 29 முதல் 70 வரை. பதினைந்தாயிரம் குழந்தைகள் என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் கணக்கு நிற்பது 125 இறப்புகளின் மேல்தான். இங்கே ஐந்து, அங்கே ஐந்து மாறியிருந்தால் சதவீதம் நன்றாகவே நகர்ந்திருக்கும். ஒற்றை ஆய்வின் எண்ணைத் தூக்கி உலகத்துக்கே பொருத்தும்போது முதலில் காணாமல் போவது இந்த வரம்புதான்.

இதோடு விட்டிருந்தால் "மீளாய்வைக் காட்டு, மூல ஆய்வை விடு" என்று ஒரு சுலபமான விதி கிடைத்திருக்கும். எங்கள் இளைஞரும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் திருத்திக் கொண்டுவந்த வரி: "வைட்டமின் ஏ குழந்தை இறப்பை 24 சதவீதம் குறைக்கிறது." சான்று, 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு மீளாய்வு. இதிலும் பொய் இல்லை. அந்த மீளாய்வு தலைமை எண்ணாகக் கொடுத்தது 24-தான்.

24 எப்படி 12 ஆனது? இங்கேதான் மீளாய்வை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது, அதற்குள் இருக்கும் மூல ஆய்வைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2013-ல் லான்செட்டில் டெவ்டா என்ற ஆய்வு வெளிவந்தது. உத்தரப் பிரதேசத்தில், லக்னோவை மையமாகக் கொண்டு, 72 வட்டாரங்களில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட், அங்கன்வாடிப் பணியாளர்கள் வழியாக. இறப்பில் கண்ட குறைவு 4 சதவீதம். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று சொல்லக்கூடிய அளவில்தான்.

மற்ற எல்லா ஆய்வுகளின் குழந்தைகளையும் கூட்டினாலும் இந்த ஒன்றின் பக்கத்தில் நிற்க முடியாது. எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மையைத்தான் அளக்கின்றன என்று வைத்துக்கொண்டு ஆய்வின் பருமனுக்கேற்ப எடை கொடுத்துக் கணக்குப் போட்டால், தராசின் தட்டில் டெவ்டா ஏறி உட்கார்ந்துவிடும். அப்படிப் போட்டதில் வந்ததுதான் 12. ஊருக்கு ஊர், குறைபாட்டின் கடுமைக்கேற்பப் பலன் வேறுபடும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சிறிய ஆய்வுகளுக்கும் ஓரளவு எடை கிடைக்கும். அப்படிப் போட்டபோது அதே 2017 மீளாய்வில் வந்த எண் 24. இரண்டையும் ஆசிரியர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். சுருக்கத்திலேயே இருக்கிறது. எது சரியான கணக்கு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. டெவ்டாவில் மருந்து உண்மையிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் ஆல்ஃபிரட் சாமரும் ஒருவர். இந்தோனேசியாவின் ஆச்சேயில் 450 ஊர்களில் ஆய்வு நடத்தி, 34 சதவீதக் குறைவைக் கண்டு, 1986-ல் அதை வெளியிட்டு, இந்தக் கதையையே தொடங்கிவைத்தவர் அவர்.

ஆகவே மீளாய்வைச் சான்று காட்டும்போது ஆண்டையும் பதிப்பையும் பார்க்காமல் காட்டக் கூடாது. எந்தத் தேதி வரை தேடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மீளாய்விலும் எழுதியிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த பெரிய ஆய்வு ஒன்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கலாம். இந்த மீளாய்வுக்கு 2022-லும் ஒரு புதுப்பிப்பு வந்திருக்கிறது. அதிலும் முதன்மை எண் 12-தான்.

மீளாய்வுக்குள்ளேயே எல்லா முடிவும் ஒரே உறுதியோடு நிற்பதில்லை என்பதையும் அவருக்குக் காட்டினேன். மொத்த இறப்பு குறைவதற்கும் வயிற்றுப்போக்கால் நேரும் இறப்பு குறைவதற்கும் உறுதியான சான்று இருப்பதாக அந்த மீளாய்வு சொல்கிறது. தட்டம்மையால் நேரும் இறப்பு குறைந்ததாக அதில் தெளிவாகத் தெரியவில்லை. "வைட்டமின் ஏ சொட்டு தட்டம்மை இறப்பைத் தடுக்கும்" என்று எழுதி இந்த மீளாய்வைக் கீழே குறிப்பது, வீட்டுப் பத்திரத்தைக் காட்டி வயலுக்கு உரிமை கேட்பது மாதிரி. தட்டம்மை வந்த பிறகு சிகிச்சையாக வைட்டமின் ஏ கொடுப்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி மீளாய்வு உண்டு.

மூன்றாவது தடவை வந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. ஏனென்றால் இந்தத் தவறைப் பழுத்த எழுத்தாளர்களும் செய்கிறார்கள். "ஆச்சே, திருச்சி, நேபாளம், கானா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், 2010, 2011, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு மீளாய்வுகளும் இதை உறுதி செய்துள்ளன." எட்டு சாட்சிகள் கூண்டில் ஏறிவிட்டது போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த நான்கு மீளாய்வுகளும் பெரும்பாலும் அதே ஆய்வுகளைத்தான் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கின்றன. எழுதியவர்களிலும் பலர் ஒரே ஆட்கள். முன்னால் வரிசையாகச் சொன்ன ஆச்சேயும் திருச்சியும் ஏற்கெனவே அந்த மீளாய்வுகளுக்குள் இருக்கின்றன. ஒரே சாட்சியைச் சட்டை மாற்றி மாற்றிக் கூண்டில் ஏற்றினால் வழக்குக்கு வலு கூடாது. மீளாய்வைச் சான்று காட்டிவிட்டால் அதற்குள் இருக்கும் ஆய்வுகளை அதே கூற்றுக்காகத் திரும்ப அடுக்கக் கூடாது. அடுக்கினால் அவை ஒவ்வொன்றும் வேறு ஏதாவது சொல்வதற்காக அங்கே நிற்க வேண்டும்.

அது எப்படித் தெரியும்? அவருடைய முழுக் கட்டுரையையும் எடுத்து வரி வரியாகப் பார்த்தோம். "வாரம் ஒருமுறை சிறிய அளவு கொடுத்தும் பலன் கண்டிருக்கிறார்கள்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அது திருச்சி ஆய்வின் செய்தி. அங்கே மூல ஆய்வைத்தான் காட்ட வேண்டும். 47 ஆய்வுகளைச் சேர்த்த மீளாய்வைக் காட்டினால், வாசகர் போய்த் தேடி நூறு பக்கத்துக்கு நடுவில் ஒரு பட்டியலின் ஓரத்தில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். "உலகில் 19 கோடிக் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது" என்று இன்னோரிடத்தில். அதற்குச் சான்றாக மீளாய்வைக் குறித்திருந்தார். மீளாய்வின் முன்னுரையில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது மீளாய்வு கண்டுபிடித்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து எடுத்தது. அந்த அறிக்கையோ 1995 முதல் 2005 வரையான காலத்தைப் பற்றிப் பேசுகிறது. "இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதிய வரி, மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் "இருந்ததாக மதிப்பிடப்பட்டது" என்று மாறியிருக்கும். மீளாய்வின் முன்னுரையிலிருந்து ஒரு வரியை எடுப்பது இரண்டாம் கைச் செய்தி. எத்தனை நல்ல மீளாய்வானாலும் அதன் முன்னுரைக்கு அந்தச் சல்லடை கிடையாது.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. மீளாய்வின் பட்டியலில் திருச்சி எண்ணைப் பார்த்துவிட்டு, மூலக் கட்டுரையைத் திறக்காமலேயே அதைப் படித்ததுபோல அடியில் குறிப்பது. பட்டியலில் ஒரு எண் தப்பாக ஏறியிருந்தால் அந்தத் தப்பு நம் பெயரில் தொடரும். படித்ததைத்தான் காட்ட வேண்டும். மூலம் கைக்கு எட்டவில்லை என்றால், இன்ன மீளாய்வில் சொன்னபடி என்று எழுதிவிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

கட்டுரை முடியும் தறுவாயில் அவர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். "சார், பிறந்த குழந்தைக்கே கொடுக்கலாம்னும் நம்ம ஊர் ஆய்வு ஒண்ணு இருக்கு. அதே ரஹ்மத்துல்லா குழுதான்." இருக்கிறது. 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தமிழ்நாட்டின் இரண்டு ஊரக மாவட்டங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் பிறந்தவுடன் 24,000 யூனிட் வீதம் இரண்டு தடவை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22 சதவீதம் குறைந்தது. இந்த ஒன்றைப் படிக்கும் எந்தத் தமிழ் வாசகருக்கும் நாளைக்கே பிரசவ வார்டில் சொட்டு கொடுக்கச் சொல்லத் தோன்றும்.

ஆனால் பிறகு ஹரியானா, கானா, தான்சானியா என மூன்று இடங்களில் பெரிய ஆய்வுகள் நடந்து 2015-ல் லான்செட்டில் வெளியாயின. சேர்த்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான காக்ரேன் மீளாய்வும் 2017-ல் அதையே சொன்னது. பிறந்தவுடன் கொடுப்பதைப் பொதுத் திட்டமாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. "பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தால் உயிர் பிழைக்குமா?" என்ற கேள்விக்கு இங்கே மீளாய்வைக் காட்டாமல் தமிழ்நாட்டு ஆய்வை மட்டும் காட்டினால் ஒரு தாயைத் தவறான நம்பிக்கைக்கு இழுத்துப்போகிறோம். பதிப்பாசிரியராக இருக்கும்வரை அதை அனுமதிக்க மாட்டேன்.

அதற்காகத் தமிழ்நாட்டு ஆய்வைக் கட்டுரையிலிருந்து தூக்கிவிடவும் எனக்கு மனம் இல்லை. 2019-ல் இந்த எல்லா ஆய்வுகளின் தனித்தனிக் குழந்தைகளின் விவரங்களையும் ஒன்றாகச் சேர்த்து இன்னொரு பகுப்பாய்வு செய்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை என்றே வந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது தெற்காசியாவில், தாய்மாரிடமே வைட்டமின் ஏ குறைவாக இருந்த இடங்களில், பலன் தெரிந்தது. அப்படியானால் 2003-ல் இங்கே கண்ட 22 சதவீதத்துக்கு அன்றைய தமிழ்நாட்டுத் தாய்மாரின் உடல்நிலை ஒரு காரணமாக இருக்கலாம். சராசரி எண் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் இந்தச் சங்கதி வாசகருக்குப் போய்ச் சேராது. இங்கே மீளாய்வையும் மூல ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேலை செய்வதால்.

கடைசியில் அச்சுக்குப் போன பத்தி இப்படி அமைந்தது: "ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பது இறப்பைக் குறைக்கிறது என்று 47 ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் மீளாய்வு சொல்கிறது, கணக்கிடும் முறையைப் பொறுத்து அந்தக் குறைவு 12 சதவீதம் அல்லது 24 சதவீதம். அந்த ஆய்வுகளில் ஒன்று திருச்சி மாவட்டத்தில் வாரந்தோறும் சிறிய அளவு கொடுத்து நடத்தப்பட்டு 1990-ல் வெளியானது. அங்கே இறப்பு 54 சதவீதம் குறைந்தது, ஆனால் மற்றப் பெரும்பாலான இடங்களில் இந்த அளவுக்குப் பலன் காணப்படவில்லை." முதல் வாக்கியத்துக்கு மீளாய்வு சான்று. இரண்டாவதற்கும் மூன்றாவதன் முன்பாதிக்கும் திருச்சிக் கட்டுரை. பின்பாதிக்குத் திரும்பவும் மீளாய்வு.

"பாதிக்கு மேல்" என்று ஒரே வரியில் முடிந்தது ஆறு வரியாக நீண்டுவிட்டதே என்று பக்க வடிவமைப்பாளர் முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி இடம் பண்ணிக் கொடுத்தோம்.